கழற்ற முடியாத சிம்

மழையில் நனைந்தோ மாடிப்படியில் விழுந்தோ போன் செத்துப்போனால் இத்தனை காலமும் நாம் செய்துவந்தது ஒன்றுதான். குண்டூசியோ கம்மல் கம்பியோ எடுத்து ஓரத்து ஓட்டையில் குத்துவோம். வெளியே வரும் தட்டிலிருந்து சிம்மை எடுத்து, அலமாரியில் கிடக்கும் பழைய போனில் போடுவோம். கொஞ்ச நேரத்தில் நம் எண்ணுக்கு மறுபடி அழைப்பு வரத் தொடங்கிவிடும். இதற்காக எந்த நிறுவனத்திடமும் அனுமதி கேட்டதில்லை, எந்தப் படிவமும் நிரப்பியதில்லை. இ-சிம்முக்கு மாறும்போது நாம் இழப்பது இந்த வசதியைத்தான். விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

சிம்முக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால், இது ஏன் இப்படி என்பது புரியும். 1991-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து நிறுவனமான கீசெக்க & டெவ்ரியன்ட், பின்லாந்தின் ரேடியோலின்யா நிறுவனத்துக்காக முதல் சிம் கார்டுகளைத் தயாரித்தது. அப்போது அது ஏ.டி.எம். அட்டை அளவு இருந்தது. இன்று நாம் போடும் நானோ சிம் 12.3 மில்லிமீட்டர் நீளம், 8.8 மில்லிமீட்டர் அகலம். அளவு சுருங்கியதே தவிர வேலை மாறவில்லை. சந்தாதாரரை அடையாளம் காட்டும் ஓர் எண்ணும், ஒரு ரகசியச் சாவியும் அதற்குள் இருக்கின்றன. அதே சாவியின் இன்னொரு பிரதி நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. போனை ஆன் செய்ததும் நெட்வொர்க் ஏதோ ஓர் எண்ணை அனுப்பி, 'இதற்கு விடை சொல்' என்கிறது. சிம் தன் சாவியை வைத்துக் கணக்குப்போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. நிறுவனம் தன் பிரதியை வைத்துப் போட்ட கணக்கும் அதுவும் ஒத்துப்போனால் டவர் கிடைக்கும். சாவி மட்டும் ஒருபோதும் சிம்மை விட்டு வெளியே வராது. போனால்கூட அதைப் படிக்க முடியாது.

இ-சிம்மிலும் இதே கணக்கு, இதே சாவிதான் வேலை செய்கின்றன. நெட்வொர்க்குக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது; வேகமும் சிக்னலும் ஒன்றுதான். வித்தியாசம் எல்லாம் சாவி நம் கைக்கு வந்து சேரும் வழியில்தான். பிளாஸ்டிக் சிம்மில் சாவியைத் தொழிற்சாலையிலேயே எழுதிவிடுகிறார்கள். இ-சிம் போனிலோ, மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த ஒரு சிப் காலியாக இருக்கும். அதற்கென்று 32 இலக்க எண் ஒன்று உண்டு; அதன் பெயர் இ.ஐ.டி. டயல் பேடில் *#06# அழுத்தினால், ஐ.எம்.இ.ஐ. எண்களோடு அதுவும் திரையில் தெரியும். நிறுவனத்தின் சர்வர், நம் எண்ணுக்கான சாவியையும் மற்ற விவரங்களையும் ஒரு கட்டாகக் கட்டி, அந்தக் குறிப்பிட்ட இ.ஐ.டி. சிப் மட்டுமே திறக்கும்படி பூட்டி, இணையம் வழியாக அனுப்புகிறது. இந்தக் கட்டைப் ப்ரொஃபைல் என்பார்கள்.

கியூ.ஆர். கோடுக்குள்தான் சிம் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பத்திரப்படுத்தியும் வைக்கிறார்கள். உண்மையில் அதற்குள் இருப்பது கிட்டத்தட்ட இவ்வளவுதான்:

```
LPA:1$smdp.example.com$ABCD-1234-EFGH
```

நடுவில் இருப்பது சர்வரின் முகவரி, கடைசியில் இருப்பது டோக்கன். 'இந்த முகவரிக்குப் போய் இந்த டோக்கனைக் காட்டி ப்ரொஃபைலை வாங்கிக்கொள்' என்பதே அதன் பொருள். ஒரு போன் வாங்கிக்கொண்டதும் டோக்கன் பெரும்பாலும் செல்லாததாகிவிடும். அதே படத்தைப் புதுப் போனில் ஸ்கேன் செய்தால், ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்றோ சேர்க்க முடியவில்லை என்றோ செய்தி வரும். கூகுள் பேக்கப்பிலோ ஐகிளவுடிலோ ப்ரொஃபைல் ஏறுவதும் இல்லை. போட்டோவும் தொடர்பு எண்களும் புதுப் போனுக்கு வந்துவிட்டதால் இ-சிம்மும் வந்திருக்கும் என்று நம்பி, பழைய போனை அழித்துவிட்டு நிற்பவர்கள் இதனால்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆக, போன் மாற்றுவது என்றால் நிறுவனம் புதிதாக ஒரு ப்ரொஃபைல் தர வேண்டும். அதற்கு, கேட்பது நீங்கள்தான் என்று நிறுவனம் உறுதி செய்துகொள்ள வேண்டும். எப்படி உறுதி செய்கிறது? பெரும்பாலும், அதே எண்ணிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ். அல்லது அதே எண்ணுக்குப் போகும் அழைப்பு மூலமாகத்தான். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியதுபோல, சிக்கல் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஜியோ வெளியிட்ட எஸ்.எம்.எஸ். முறையையே எடுத்துக்கொள்வோம். முதலில் `GETESIM` என்று எழுதி, இடைவெளி விட்டு 32 இலக்க இ.ஐ.டி., பிறகு 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. சேர்த்து 199-க்கு அனுப்ப வேண்டும். 19 இலக்க இ-சிம் எண் பதிலாக வரும். அடுத்து `SIMCHG` என்று எழுதி அந்த 19 இலக்கத்தைச் சேர்த்து மறுபடி 199-க்கு அனுப்ப வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து வரும் செய்திக்கு 183 என்ற எண்ணுக்கு 1 அனுப்பிச் சம்மதம் சொல்ல வேண்டும். கடைசியாக ஒரு தானியங்கி அழைப்பு வந்து அந்த 19 இலக்கத்தைக் கேட்கும். மற்ற நிறுவனங்களில் இலக்கங்கள் குறைவு, மின்னஞ்சல் முகவரி கூடுதல். இப்போது ஆப் வழியாகவும் செய்யலாம். முறை அவ்வப்போது மாறினாலும் ஒன்று மாறாது: பழைய எண் உயிரோடு கையில் இருக்க வேண்டும்.

இல்லாவிட்டால் என்ன ஆகும்? திருநெல்வேலியில் மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவரை வைத்துப் பார்ப்போம். ஒரே எண், அதுவும் இ-சிம்மில். சனிக்கிழமை மாலை போன் கீழே விழுந்து திரை முழுக்கக் கறுத்துவிட்டது. உள்ளே போன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அழைத்தால் மணிகூட அடிக்கிறது. ஆனால் எஸ்.எம்.எஸ். அனுப்ப முடியாது, வரும் ஓ.டி.பி.யைப் படிக்கவும் முடியாது. இனி அவருக்கு மிச்சமிருக்கும் வழி, ஆதாரை எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் ஷோரூமுக்குப் போவது. அங்கே கைரேகையோ முகமோ சரிபார்த்து, புது இ-சிம்முக்கோ பிளாஸ்டிக் சிம்முக்கோ எண்ணை மாற்றித் தருவார்கள். எண் மகன் பெயரிலோ, காலமான தந்தை பெயரிலோ இருந்தால் அதுவும் நடக்காது.

சரி, அன்றிரவே மாற்றிவிட்டார், அழைப்பு வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார். சிம் மோசடிகளைத் தடுப்பதற்காக, சிம்மை மாற்றிய எண்ணுக்கு 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வருவதையும் போவதையும் நிறுத்திவைப்பது இந்தியாவில் நடைமுறை. வங்கி ஓ.டி.பி. வராது என்பது பலருக்குத் தெரியும். போவதும் நின்றுவிடும் என்பதை யோசிப்பவர்கள் குறைவு. புதுப் போனில் ஜிபே, போன்பே போன்ற யு.பி.ஐ. ஆப்பைப் பதியும்போது, அது நம் சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பித்தான் எண்ணைச் சரிபார்க்கிறது. அந்த எஸ்.எம்.எஸ். போகாது; பதிவு பாதியில் நின்று தோல்வி என்று காட்டும். ஆப்பைத் திரும்பத் திரும்ப நீக்கிப் போட்டுப் பயனில்லை. கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கடை கவுண்டரில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டைக்குப் பணம் வந்துகொண்டிருக்கும். அவரால்தான் மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்ப முடியாது.

இந்த 24 மணி நேரத் தடை பிளாஸ்டிக் சிம் தொலைந்து புதிது வாங்கினாலும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதே பிளாஸ்டிக் சிம்மைப் போனுக்குப் போன் மாற்றினால் தடை கிடையாது, ஏனென்றால் நிறுவனத்தைப் பொறுத்தவரை சிம் மாறவே இல்லை. இ-சிம்மில் இந்தச் சலுகை இல்லை. போன் மாறினால் ப்ரொஃபைலும் மாறுகிறது.

பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் இதே தொல்லை உண்டு. திரையையோ பேட்டரியையோ மாற்றினால் இ-சிம்முக்கு ஒன்றும் ஆகாது. மதர்போர்டை மாற்றினால் அதோடு சிப்பும் இ.ஐ.டி.யும் போய்விடும், திரும்பி வருவது அதே உறையில் இருக்கும் வேறு போன். சர்வீஸ் சென்டரில் ஒரு வாரம் ஆகும் என்றால், அதுவரை பட்டன் போனில் ஓட்டலாம் என்ற எண்ணமும் பலிக்காது. பட்டன் போனில் இ-சிம்முக்கு இடமில்லை. எண்ணை பிளாஸ்டிக் சிம்முக்கு மாற்றி, போன் வந்ததும் மறுபடி இ-சிம்முக்கு மாற்ற வேண்டும். இரண்டு முறையும் எஸ்.எம்.எஸ். நிற்கும்.

மிக மோசமாக மாட்டிக்கொள்பவர்கள் வெளிநாட்டில் இருப்பவர்கள்தான். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் சிம் தட்டே கிடையாது. அங்கே வேலை பார்க்கும் நம்மவர் பலர், இந்திய வங்கியின் ஓ.டி.பி.க்காகவே இந்திய எண்ணை உயிரோடு வைத்திருக்கிறார்கள். அந்த எண் இ-சிம்மில் இருந்து, போனும் தொலைந்துவிட்டால், அங்கே ஷோரூம் ஏது? ஆதாரோடு நேரில் நிற்க யாரால் முடியும்? போன் தொலையாமல் வெறுமனே புதுப் போனுக்கு மாறுவதென்றாலும், 199 போன்ற குறுகிய எண்களுக்கு ரோமிங்கிலிருந்து எஸ்.எம்.எஸ். போகாமல் நின்றுவிடக்கூடும். ஊருக்கு வரும்போதே மாற்றிக்கொண்டு போவதுதான் தலைவலி இல்லாத வழி. அங்கிருந்து அண்ணன் வாங்கியனுப்பும் ஐபோனுக்கும் இது பொருந்தும்: இங்கே வந்ததும் தட்டைத் தேடிப் பயனில்லை, எண்ணை இ-சிம்மாக மாற்றினால்தான் போன் பேசும்.

இரண்டு ஐபோன்களைப் பக்கத்தில் வைத்து, செட்டிங்ஸ் வழியாகவே எண்ணை நகர்த்தும் வசதி ஐ.ஓ.எஸ். 16-இல் வந்தது. ஆண்ட்ராய்டிலும் இதுபோல உண்டு. ஆனால் அது நிறுவனம் ஒத்துழைத்தால்தான் வேலை செய்யும். தவிர, பழைய போனில் திரை எரிய வேண்டும், பூட்டைத் திறக்கவும் முடிய வேண்டும். பயணத்துக்காக இணையத்தில் வாங்கும் டேட்டா இ-சிம்களை இந்த முறையில் பெரும்பாலும் நகர்த்த முடியாது. சிங்கப்பூர் விமான நிலையத்தில் எதையோ சரிசெய்யப் போய் அதை நீக்கிவிட்டால், இன்னொன்று காசு கொடுத்து வாங்குவதுதான் பெரும்பாலும் நடக்கும்.

இவ்வளவு தொல்லை என்றால் இ-சிம் எதற்கு? போன் திருடுபோகும் நாளில் விடை கிடைக்கும். பிளாஸ்டிக் சிம் என்றால் திருடன் அதைக் கழற்றித் தன் போனில் போட்டுக்கொண்டு நம் ஓ.டி.பி.களை வாங்கலாம். சிம்முக்குப் பின் நம்பர் பூட்டுப் போட்டு வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? இ-சிம்மை அவனால் கழற்ற முடியாது. திரைப் பூட்டு உறுதியாக இருந்தால், நாம் எண்ணை முடக்கும்வரை அவகாசம் கிடைக்கும். ஆனால் கழற்ற முடியாததைப் பேசியே பறிக்கும் கூட்டமும் இருக்கிறது. கஸ்டமர் கேரிலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஒரு எஸ்.எம்.எஸ்.ஸை 121-க்கோ 199-க்கோ அனுப்பச் சொல்வார்கள். அதில் அவர்களுடைய மின்னஞ்சலோ இ.ஐ.டி.யோ இருக்கும். அனுப்பிச் சம்மதமும் சொல்லிவிட்டால் எண் அவர்கள் போனுக்குப் போய்விடும். நம் போனில் திடீரென்று சிக்னல் இல்லாமல் போவதுதான் அடையாளம். அந்த நிமிடமே வேறு போனிலிருந்து வங்கியையும் நிறுவனத்தையும் அழைக்க வேண்டும்.

என் அபிப்பிராயம் இதுதான். இரண்டு எண் வைத்திருப்பவர்கள் வங்கியோடு இணைத்த எண்ணைப் பிளாஸ்டிக்கிலும் மற்றதை இ-சிம்மிலும் வைக்கலாம். திருட்டுக்குப் பயந்தால் சிம்முக்குப் பின் நம்பர் போட்டுக்கொள்ளலாம். ஒரே எண் உள்ளவர்கள், அதுவும் வீட்டில் உபரிப் போன் பட்டன் போனாக இருப்பவர்கள், தட்டுள்ள போன் கிடைக்கும்வரை அவசரப்பட வேண்டாம். இ-சிம்மோடு புதுப் போனுக்கு மாறுகிறவர்கள் வீட்டு வைஃபையில், மறுநாள் பெரிய பணப் பரிமாற்றம் இல்லாத நாளாகப் பார்த்து மாற்றுவது நல்லது. புதுப் போனில் அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் யு.பி.ஐ.யும் ஓடும்வரை பழைய போனை ரீசெட் செய்ய வேண்டாம். ரீசெட் செய்யும்போது இ-சிம்மையும் அழிக்கவா என்று பல போன்கள் தனியாகக் கேட்கும். விற்கும் போனுக்கு ஆம், வீட்டிலேயே இருக்கும் போனுக்கு இல்லை.