ஃப்ரிட்ஜுக்கும் மூச்சு விட இடம் வேணும்

மகள் பிறந்து ஏழாம் மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அதற்காக எடுத்து வைத்த தாய்ப்பால் ஆறு போத்தல். ஒரு காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது உள்ளே குளிரே தெரியவில்லை. தெர்மொமீற்றர் 11 டிகிரி காட்டியது. ஆறு போத்தலையும் சிங்கில் ஊற்றினேன். அம்மா பக்கத்தில் நின்றா, ஒன்றும் சொல்லவில்லை.

லண்டனில் எங்கள் வீட்டுக் கிச்சனைப் புதுப்பித்து மூன்று மாதம்தான். ஃப்ரிட்ஜும் புதிது. வொர்க்டொப்புக்குக் கீழே அலுமாரிக் கதவுக்குள் மறைத்து வைக்கும் வகை. பார்க்க வந்த ரெக்னீஷியன் எங்கட ஆள். பக்கத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, ஃப்ரிட்ஜில பிழையில்லை. இதுக்கு மூச்சு விட இடமில்லை" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். கொம்பிரசர் இழுக்கும் கரண்டும் கடைசியில் சூடாகித்தான் வெளியே வரும். எங்கள் ஃப்ரிட்ஜில் இந்தச் சூட்டை விடுவது பின்பக்கத்துக் கறுப்புக் கம்பிக் குழாய். அங்கே சூடான காற்று மேலே போய், கீழிருந்து குளிர்ந்த காற்று வந்தால்தான் குழாய் ஆறும். வழி அடைபட்டால் அதே சூட்டுக் காற்று பின்னால் தேங்கி நிற்கும். கொம்பிரசர் ஓய்வில்லாமல் ஓடும், அந்த ஓட்டத்தால் இன்னும் சூடாகும். அளவு மீறினால், எரிந்து போகாமலிருக்கத் தானே நின்றுவிடும். எங்களுக்கு இரவில் நடந்தது அதுதான்.

அவர் பின்னால் ஒரு தெர்மொமீற்றரைத் தொங்கவிட்டார். கிச்சனில் 23 டிகிரி. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் 41. எங்கள் கையேட்டில், சுற்றியுள்ள காற்று 32 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று இருந்தது. ஃப்ரிட்ஜுக்குத் தெரிவது அறையின் சூடு இல்லை, அது நிற்கும் பொந்தின் சூடுதான்.

வழியை அடைத்தது யார்? நான்தான். அலுமாரிக்குக் கீழே, கால்விரல் படும் இடத்தில் நீளமாக ஓடும் பலகையைப் 'பிளின்த்' என்பார்கள். மூத்தவனின் லெகோ உள்ளே உருண்டு போகுது என்று, அதில் ஓட்டையே இல்லாமல் அடிக்கச் சொன்னேன். தச்சர் அலுமாரியின் அடிப்பலகையையும் சுவர் வரை முழுதாகப் போட்டுவிட்டார். மேலே வொர்க்டொப் சுவரோடு ஒட்டி நின்றது. காற்று உள்ளே வரவும் வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை.

கையேட்டில் படமே இருந்தது. நாங்கள்தான் திறந்து பார்க்கவில்லை. கீழே காற்று உள்ளே வர 200 சதுர சென்ரிமீற்றர், பின்னால் 5 சென்ரிமீற்றர் இடைவெளி, மேலே வெளியேற இன்னொரு 200. அதாவது 50 சென்ரிமீற்றர் நீளம், 4 சென்ரிமீற்றர் உயரம் உள்ள திறப்பு, கீழே ஒன்று, மேலே ஒன்று.

இங்கே ஒரு பொறி இருக்கு. நான் முதலில் வாங்கிய கிரில் 45க்கு 6. பெருக்கினால் 270 வருகிறது, போதும் என்று நினைத்தேன். ஆனால் அதன் தகடுகள் பாதி இடத்தை மறைத்தன. காற்றுக்குக் கிடைப்பது 135தான். கணக்கில் எடுக்க வேண்டியது தகடுகளுக்கு இடையே உள்ள திறந்த இடத்தை மட்டும். பிறகு 55க்கு 8 வாங்கினோம்; பாதி போனாலும் 220 மிஞ்சும்.

தச்சர் திரும்பி வந்து பிளின்தில் அந்தக் கிரிலைப் போட்டார். அடிப்பலகையின் பின்பகுதியை வெட்டி எடுத்தார். வொர்க்டொப்பின் பின் ஓரத்தில், சுவரோடு நீளமாக வெட்டி, அங்கேயும் அதே அளவு திறந்த இடமுள்ள கிரில் வைத்தார். எங்களுடையது பலகை வொர்க்டொப், அதனால் வெட்ட முடிந்தது. கல் போட்ட பிறகு என்றால் பெரிய செலவு.

மறுநாள் பின்பக்கம் 28 டிகிரி. நடுத்தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் இரவு முழுதும் வைத்த தெர்மொமீற்றர் 4 காட்டியது. கொம்பிரசர் இடையிடையே நின்று ஓய்வெடுக்கும் சத்தமும் கேட்டது.

நீங்கள் கிச்சன் செய்யப் போகிறீர்கள் என்றால், முதலில் ஃப்ரிட்ஜைத் தெரிவு செய்து, அதன் கையேட்டுப் படத்தைத் தச்சரிடம் கொடுங்கள், அலுமாரி பிறகு. எல்லா மொடலும் எங்களுடையது போல இல்லை. சிலதுக்கு முன்பக்க பிளின்த் வழியாகவே காற்று வந்து போகும். மேலே வெட்டத் தேவையில்லை. தனியாக நிற்கும் ஃப்ரிட்ஜை வாங்கி அலுமாரிக் கதவுக்குள் தள்ள வேண்டாம். அது அதற்காகச் செய்யப்பட்டதில்லை. பிளக்கைப் பின்னால் வைக்காமல் பக்கத்து அலுமாரிக்குள் வையுங்கள். பின்னால் வைத்தால் அந்த 5 சென்ரிமீற்றரை அது தின்றுவிடும்.

லெகோ இப்பவும் கிரில் பக்கம்தான் உருண்டு போகுது. உள்ளே மட்டும் போவதில்லை.