கறுப்புக்குப் பிறகுதான் சிவப்பு

சென்னையில் கடலை ஒட்டிய பகுதிகளில் பொங்கலுக்கு வீடு பெயின்ட் அடிக்கும்போது ஜன்னல் கிரில்லுக்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் ஒரு நாள்தான். காலையில் உப்புத்தாளால் மேலோட்டமாகத் தேய்ப்பார்கள். தூசி தட்டிய கையோடு ரெட் ஆக்சைடு, மாலையில் எனாமல். கிரில் புதிதுபோலப் பளபளக்கும். அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்வதற்குள் வெல்டிங் மூட்டுகளிலிருந்து பழுப்பு நீர் சுவரில் கோடாக இறங்கிவிடும். கீழ்ப் பட்டையில் பெயின்ட் உப்பிக்கொண்டு, நகத்தால் நெம்பினால் செதில் செதிலாகப் பெயரும். அடுத்த முறை இன்னும் விலை கூடிய டப்பாவை வாங்குவோம். அதுவும் அதே மழையில் அதே இடத்தில் உப்பும்.

இதற்கான காரணம் டப்பாவுக்குள் இல்லை. கம்பியின் மேல் எது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. துருவை மாற்றும் ரஸ்ட் கன்வெர்ட்டர் துருவைத் தொட்டால்தான் வேலை செய்யும். ரெட் ஆக்சைடு பிரைமருக்கு உறுதியான பரப்பு வேண்டும். எனாமலின் வேலை வெயிலையும் மழையையும் தாங்குவது, அதற்கு அடியில் பிரைமர் வேண்டும். மூன்றில் எதை இடம் மாற்றினாலும், நம் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் துரு தன் வேலையைத் தொடர்கிறது.

ரெட் ஆக்சைடு துருவைத் தின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அதன் சிவப்பு நிறத்தைத் தருவதே இரும்பு ஆக்சைடுதான். வேதியியல்படி துருவுக்கு நெருங்கிய உறவு. பிரைமரில் இருப்பது நீர் கலக்காத, நிலையான வகை. அது துருவை எதுவும் செய்வதில்லை. துருவும் பிரைமரும் ஏறக்குறைய ஒரே நிறம் என்பதால், துருவின் மேல் ரெட் ஆக்சைடு அடித்த கிரில்லில் எங்கே துரு, எங்கே பிரைமர் என்று அடித்தவருக்கே தெரியாமல் போய்விடுகிறது. தளர்ந்த துரு செதில் செதிலாக இருக்கும். பிரைமர் அந்தச் செதிலைப் பிடித்துக்கொள்ளும்; செதிலோ கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்காது. ஈரம் புகுந்ததும் இரண்டும் சேர்ந்தே கழன்று வரும்.

ரஸ்ட் கன்வெர்ட்டரில் இருப்பது பொதுவாக பாஸ்பாரிக் அமிலம், அல்லது டானிக் அமிலம், அல்லது இரண்டும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சிய பழைய முறையில் நடந்த வேதிவினையேதான் டானிக் அமிலம் துருவைத் தொடும்போதும் நடக்கிறது: இரும்பும் டானினும் சேர்ந்து கருநீலமான ஒரு சேர்மமாகின்றன. பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது. இரண்டுமே நீரில் எளிதில் கரையாதவை. கடையில் இது இரண்டு விதமாகக் கிடைக்கும். பால்போல வெள்ளையாக இருப்பதில் பாலிமர் கலந்திருக்கும். அது காய்ந்து கறுப்புப் படலமாகக் கம்பியிலேயே நிற்கும். தண்ணீர்போலத் தெளிவாக இருப்பது பெரும்பாலும் வெறும் அமிலம். வேலை முடிந்ததும் நீரால் கழுவித் துடைத்தாக வேண்டும். லேபிளைப் படிக்காமல் இரண்டாவது வகையைப் பூசி அப்படியே விட்டால், மீந்த அமிலம் வெள்ளைப் பொடியாகப் பூத்து, மேலே வரும் பெயின்ட்டைத் தூக்கிவிடும். வீட்டு கிரில்லுக்கு நான் பரிந்துரைப்பது பாலிமர் கலந்ததையே.

இனி ஒரு ஜன்னலை எடுத்துக்கொண்டு முழு வேலையையும் பார்ப்போம். திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து சில தெருக்கள் உள்ளே, கிழக்குப் பார்த்த தரைத்தள ஜன்னல். நாலுக்கு நாலடி. அரை அங்குலச் சதுரக் கம்பிகள், மேலும் கீழும் பட்டை, நடுவே குறுக்குப் பட்டை ஒன்று. பூச வேண்டிய மொத்தப் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர்தான். பிரஷ்ஷில் வீணாவதைச் சேர்த்தாலும் ஒரு கோட்டுக்கு 150 மில்லி பெயின்ட் தாராளம். செலவில் பெரும்பகுதி பொருளுக்கு அல்ல, கையுழைப்புக்கே. காலம் மாசி அல்லது பங்குனி. மழை ஈரம் போயிருக்கும், அக்னி வெயில் வந்திருக்காது.

முதல் வேலை கழுவுவது. கடற்காற்று கொண்டுவந்த உப்பு துருவின் துளைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. எந்தக் கன்வெர்ட்டரும் அதை வெளியேற்றாது. அடியில் உப்பு தங்கினால் அது ஈரத்தை இழுத்து, பெயின்ட்டைக் கொப்புளமாக எழுப்பும். ஆகவே சோப்பு நீரால் தேய்த்து, பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலச வேண்டும். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்தப் பகுதியில் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதை ஊற்றினால் உப்பைக் கழுவ உப்பையே ஊற்றியதாகிவிடும். குடிநீர் இரண்டு வாளி இதற்குப் போதும்.

மறுநாள் காலை, கம்பி நன்கு உலர்ந்தபின் சுரண்டல். உப்பிய பெயின்ட்டையும் செதிலாகும் துருவையும் பட்டித் தகட்டால் நெம்பி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கடைசியாக உப்புத்தாள். வெள்ளி வெளுப்பாகும்வரை தேய்க்க வேண்டியதில்லை. கன்வெர்ட்டருக்குக் கொஞ்சம் துரு வேண்டும். கையால் அழுத்தித் துடைத்தால் பொடி வராத, கம்பியோடு இறுகிய மெல்லிய பழுப்பு, அதுதான் சரியான நிலை. உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பெயின்ட்டை எடுக்க வேண்டாம், சொரசொரப்பாக்கினால் போதும்.

பழைய வீடு என்றால் இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்று இந்தியாவில் 2016-இல்தான் விதி வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூள் வீட்டுக்குள் பரவும். பழைய பெயின்ட் இருக்கும் இடத்தை ஈரப்படுத்தித் தேய்த்து, கீழே பழைய விரிப்பைப் போட்டுத் தூளைச் சுருட்டி அப்புறப்படுத்துங்கள். முகக்கவசம் கட்டாயம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று அந்த அறைப் பக்கம் வர வேண்டாம்.

சுரண்டும்போதே இன்னொரு சோதனையும் செய்துவிடலாம். கம்பிகள் கீழ்ப் பட்டையில் சேரும் இடத்தையும், பட்டை சுவருக்குள் புகும் இடத்தையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். மழைநீர் தேங்குவது அங்கேதான். முனை உள்ளே இறங்கினாலோ, கம்பி பாதிக்கு மெலிந்திருந்தாலோ அந்தத் துண்டை வெட்டிப் புதுக் கம்பி வெல்டிங் வைக்க வேண்டும். கன்வெர்ட்டர் துருவை மாற்றும், போன இரும்பைத் திருப்பித் தராது. குழந்தைகள் சாயும் கிரில்லில் இதைப் பெயின்ட்டால் மூடுவது ஆபத்து.

இப்போது கன்வெர்ட்டர். ஜன்னல் கட்டையில் மார்பிளோ மொசைக்கோ இருந்தால் பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுங்கள். ஒரு சொட்டு அமிலம் பட்டாலும் தழும்பு நிற்கும். கையுறை, கண்ணாடி அணிந்து, தேவையானதைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். மீந்ததைத் திரும்ப டப்பாவில் ஊற்றினால் அதோடு போகும் துருத்தூள் மொத்தத்தையும் கெடுத்துவிடும். பனி ஈரம் உலர்ந்தபின், ஆனால் வெயில் நேராக விழாத நேரத்தில் பூச வேண்டும். கை வைக்க முடியாதபடி சுட்ட கம்பியில், வினை முடியும் முன்பே திரவம் காய்ந்துவிடும். கிழக்கு ஜன்னல் என்பதால் இதற்குப் பிற்பகல் தோது. துரு இருக்கும் இடத்தில் மட்டும், மெல்லியதாக. பழைய பெயின்ட்டின் மேல் வழிந்ததை உடனே துடைத்துவிடுங்கள். அங்கே அதற்கு மாற்ற எதுவும் இல்லை.

அரை மணி நேரத்துக்குள் பழுப்பு கருக்கத் தொடங்கும். மறுநாள் பார்க்கும்போது எல்லா இடமும் சீராகக் கறுத்திருந்தால் வேலை முடிந்தது. எங்காவது பழுப்பு தெரிந்தால், அங்கே துரு தடித்திருக்கிறது, திரவம் அடிவரை போகவில்லை. மீண்டும் தேய்த்து இன்னொரு முறை பூச வேண்டும். இந்த முழு வரிசையில் துரு தன்னைக் காட்டிக்கொடுப்பது இந்த ஒரு கட்டத்தில்தான். முதலில் ரெட் ஆக்சைடு அடித்தவருக்கு இது கிடைப்பதே இல்லை. பிரைமரின் மேல் பிறகு கன்வெர்ட்டர் பூசினாலும் பயனில்லை, அமிலம் துருவை எட்டாது.

கறுப்பு சரியாக வந்தால் அதே நாளில் ரெட் ஆக்சைடு. கன்வெர்ட்டர் படலம் மெல்லியது, மழையைத் தனியாகத் தாங்காது. அப்படியே நாள்கணக்கில் விடக் கூடாது. பிரைமரை நன்றாகக் கலக்குங்கள், கனமான நிறமிகள் டப்பாவின் அடியில் படிந்திருக்கும். இளக்குவதற்கு மினரல் டர்பன்டைன், லிட்டருக்கு 100 மில்லியைத் தாண்டாமல். வேகமாகக் காயட்டும் என்று என்.சி. தின்னர் ஊற்றும் வழக்கம் உண்டு. அது அடியில் இருக்கும் பழைய எனாமலைச் சுருட்டி எழுப்பிவிடும்.

முதலில் சிறு பிரஷ்ஷால் வெல்டிங் மூட்டுகள், பட்டைகளின் கூர்விளிம்புகள், சுவர் பக்கம் திரும்பிய பின்புறம் ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு முறை. அதன்பின் முழுக் கிரில்லுக்கும். ஈரப் பெயின்ட் விளிம்பிலிருந்து விலகி ஓடும் இயல்புடையது. பெரிய பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் அடித்தால் விளிம்பில் படலம் மெலிந்துபோகும். துரு அங்கிருந்துதான் திரும்ப வரும். பின்புறத்தைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடி போதும். கறுப்பு எங்கே எட்டிப் பார்க்கிறதோ அங்கே பிரைமர் படவில்லை.

பிரைமரில் நுண்துளைகள் உண்டு. மங்கிய சிவப்போடு மாதக்கணக்கில் நிற்கும் கிரில்லை, கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் நிறையப் பார்க்கலாம். அந்தக் கிரில்லில் துரு பிரைமரைத் தாண்டி ஏற்கெனவே கிளம்பியிருக்கும். நம் ஜன்னலில் ஓர் இரவு கழிந்ததும், பட்டை சுவரில் சேரும் இடுக்கைப் பெயின்ட் ஏற்கும் சீலன்ட்டால் அடைத்து, அது உலர்ந்தபின் உப்புத்தாளால் இலேசாக உரசி, துடைத்து, எனாமல் முதல் கோட்டு. இரண்டாவது கோட்டு மறுநாள். முதல் கோட்டின் மேல்தோல் மட்டும் காய்ந்திருக்கும்போது அவசரப்பட்டு அடித்தாலோ, தடியாக அடித்தாலோ பரப்பு சுருங்கி நிற்கும். கட்டைவிரலை அழுத்தித் திருப்பினால் அடையாளம் விழக் கூடாது, அப்போதுதான் அடுத்த கோட்டு.

இப்படிச் செய்த கிரில்லும் கடலோரத்தில் கவனிப்பு கேட்கும். ஒவ்வொரு தை மாதமும், மழை முடிந்த கையோடு கீழ்ப் பட்டையையும் மூட்டுகளையும் நல்ல தண்ணீரால் துடைத்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி தெரிந்தால் அந்த ஓரங்குலத்தை மட்டும் சுரண்டி, கன்வெர்ட்டர், ரெட் ஆக்சைடு, எனாமல் என்று அதே வரிசையில் பூசினால் போதும். டப்பாக்களில் மீந்ததை இறுக மூடி, வாங்கிய மாதத்தை மேலே எழுதி வைத்திருந்தால் இதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியிராது. கன்வெர்ட்டரை மட்டும் பயன்படுத்தும் முன், லேபிளில் உள்ள காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.