ஒரு நெடுஞ்சொல்லுக்குள் எத்தனை சொற்கள்?

மும்பைப் புறநகர் ரயிலில் கோவண்டியைக் கடந்தால் மான்குர்த். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும் பயில்கின்றனர். நீண்ட சொல் ஒன்றின் எழுத்துகளைக் கலைத்துப் புதுச்சொல் தொகுக்கும் விளையாட்டையும் அவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கற்றுக்கொள்கின்றனர். ஊரின் பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால் எட்டு எழுத்துகள். அவற்றிலிருந்து கை, மேளம், மனிதன் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களை எளிதில் எடுத்துவிடலாம். அதே பெயரைத் தமிழில் எழுதினால் மா, ன், கு, ர், த் என்று ஐந்தே எழுத்துகள். மா, மான் என்ற இரண்டோடு ஆட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். அதைக் காணும் பிள்ளை, தமிழில் இவ்விளையாட்டு ஆகாது என்று முடிவு கட்டிவிடுகிறது. குறை தமிழில் இல்லை. தேர்ந்தெடுத்த சொல்லில் உள்ளது. ஐந்தில் மூன்று மெய்யெழுத்துகளாக இருந்தால் எம்மொழிப் புலவரும் திகைக்கவே நேரும்.

நம் அனைவருக்கும் பழகிய ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்: சேமிப்புக்கணக்கு. நடைமுறையில் இதனை இரண்டாகப் பிரித்து எழுதுகிறோம். விளையாட்டுக்காகச் சேர்த்தே கொள்வோம். சே, மி, ப், பு, க், க, ண, க், கு என ஒன்பது எழுத்துகள். ஓர் எழுத்து எத்தனை முறை வந்துள்ளதோ அத்தனை முறைதான் அதனைப் பயன்படுத்தலாம். இங்கே ‘க்’ மட்டும் இருமுறை வந்துள்ளது.

கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளை அடுக்கிப் பார்ப்பது வீண் உழைப்பு. இவற்றைக் கொண்டு மூன்றெழுத்து வரிசைகள் மட்டுமே 357 அமையும். தமிழ் இலக்கணம் இங்கே நமக்குப் பெருந்துணை செய்கிறது. மெய்யெழுத்து சொல்லின் முதலில் வாராது, ‘ண’வும் வாராது. ஆகவே சே, மி, பு, க, கு என்ற ஐந்தே தொடக்கத்துக்கு உரியன. க், ப் என்ற வல்லின மெய்கள் சொல்லின் இறுதியில் நில்லா. மேலும், அவற்றை அடுத்துத் தம் இனத்து உயிர்மெய்யே வரும்: ப்-க்குப் பின் ‘பு’, க்-க்குப் பின் ‘க’ அல்லது ‘கு’. எனவே ப்பு, க்க, க்கு என்பவற்றை மூன்று ஒட்டுச்செங்கற்களாகக் கருதலாம்.

இப்போது நடுவில் மெய் நிற்கும் மூன்றெழுத்து வடிவங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ப்பு முன் சே, மி, க, கு. க்க முன் சே, மி, பு, கு. க்கு முன் சே, மி, பு, க. ஆக, பன்னிரண்டே! இவற்றுள் மிக்க, மிக்கு, புக்க, புக்கு, கக்கு ஆகியவற்றோடு மரக்கிளையின் கவரைக் குறிக்கும் கப்பும் ஐயமற்ற சொற்கள். ‘சேப்பு’ பேச்சுவழக்கு, அதனை ஏற்பதா என்பதை ஆட்டம் தொடங்குமுன் பேசி முடிவு செய்வது நல்லது. இல்லையேல் பூசல்தான்.

ஈரெழுத்தில் சேமி, குமி, மிகு, மிக, புகு, புக ஆகியவை கிடைக்கின்றன. மரத்தின் வயிரப் பகுதியைக் குறிக்கும் சேகு என்பதும் உண்டு. ஒட்டுச்செங்கல் இல்லாத மூன்றெழுத்தில் புகுக, மிகுக. நான்கெழுத்தில் சேமிப்பு, சேமிக்க, குமிக்க, கணக்கு. குளிர்காயத் தீ மூட்டும் கணப்பு. இக்கடைசிச் சொல்லைக் கண்டுபிடிப்பவர் அரிதாகவே இருப்பர். மும்பையில் கணப்புக்கு வேலையும் இல்லை.

சொல் உண்டா இல்லையா என்ற வழக்கைத் தீர்க்க அகராதி வேண்டும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்ஸிகன் பழஞ்சொற்களையும் தரும். ஆனால் மிக்க, புகுக போன்ற வினை வடிவங்களைத் தனித்தனியே தேடினால் பெரும்பாலும் கிடைக்கமாட்டா. வினையடியைக் கண்டு இலக்கணத்தால் உறுதிசெய்ய வேண்டும். விகுதி ஏற்ற வடிவங்களை ஏற்காத ஆட்டத்தில் பட்டியல் பாதியாகச் சுருங்கும்.

பட்டியல் இன்னும் நீள வேண்டுமெனில் வேறொரு விதி உண்டு. உயிர்மெய்யையும் உயிர், மெய் எனப் பிரித்துவிடலாம். அப்போது நம் சொல் ச், ஏ, ம், இ, ப், ப், உ, க், க், அ, ண், அ, க், க், உ எனப் பதினைந்தாகும். கண், மண், பண், கணம், பக்கம், கப்பம், ஏக்கம் எல்லாம் வெளிவரும். முன்னைய விதியில் ஒளிந்திருந்த ‘பணம்’ என்ற சொல்லும் இப்போதுதான் தலைகாட்டுகிறது: ப், அ, ண், அ, ம்.

இவ்விதியில் பிழை நேர்வது எளிது. ‘மணம்’ என்று மகிழ்ந்து எழுதிவிடுவோம். அதற்கு இரண்டு ‘ம்’ வேண்டும், நம்மிடம் இருப்பதோ ஒன்று. மூல எழுத்துகளைச் சீட்டுகளில் தனித்தனியே எழுதி வைத்துக்கொண்டு, சொல் அமைக்கும்போது ஒவ்வொன்றாக நகர்த்தினால் இத்தவறு உடனே புலப்படும்: ம, ண வரை வந்துவிடும், கடைசி ‘ம்’முக்குச் சீட்டு இராது.