கடைசி அழைப்பைக் கட்டாவிட்டால் பங்கு என்ன ஆகும்?

2020 மே மாதம், கொரோனா ஊரடங்கு நேரத்தில், ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் தன் பங்குதாரர்களுக்கு உரிமைப் பங்குகளை வெளியிட்டது. 15 பங்கு வைத்திருந்தவருக்கு ஒரு புதுப் பங்கு. விலை 1,257 ரூபாய். ஆனால் முழுப் பணத்தையும் உடனே கேட்கவில்லை. விண்ணப்பத்தோடு கால் பங்கு, அதாவது 314.25 ரூபாய் கட்டினால் போதும். 2021 மே மாதம் முதல் அழைப்பாக அதே தொகை, நவம்பரில் கடைசி அழைப்பாக 628.50 ரூபாய்.

150 பங்கு வைத்திருந்த ஒருவருக்கு 10 புதுப் பங்குகள் கிடைத்திருக்கும். முதல் இரண்டு தவணைக்கும் சேர்த்து அவர் 6,285 ரூபாய் கட்டியிருப்பார். கடைசி அழைப்புக்கும் அதே 6,285 ரூபாய் வேண்டும். அந்த மாதம் ரிலையன்ஸ் பங்கு 2,000 ரூபாய்க்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. தெரிந்தே யாரும் விட்டுவிட மாட்டார்கள். ஆனால் தெரியாமல் விட வழியிருக்கிறது. மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. போல அழைப்புத் தொகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படாது. டீமேட் கணக்கில் பதிவான முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும் நோட்டீஸ் வரும். நாம்தான் கட்ட வேண்டும். வீடு மாறியவர்களுக்கும் பழைய மின்னஞ்சலைத் திறக்காதவர்களுக்கும் நோட்டீஸ் வந்ததே தெரியாமல் கெடு முடிந்துவிடும்.

கெடு தாண்டிய மறுநாளே பங்கு போய்விடாது. கட்டாத தொகை கம்பெனிக் கணக்கில் 'அழைப்பு நிலுவை' ஆகிறது. கம்பெனிச் சட்டம் தரும் மாதிரி விதிகளின்படி, நிலுவைக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வரை வட்டி போடலாம். அந்தந்தக் கம்பெனியின் விதிகளில் இது மாறலாம். 6,285 ரூபாய்க்கு மூன்று மாத வட்டி சுமார் 157 ரூபாய்தான். பெரிய இழப்பு அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. குறைந்தது 14 நாள் அவகாசம் கொடுத்து, கட்டாவிட்டால் பங்கு பறிமுதலாகும் என்று சொல்லி கம்பெனி இன்னொரு நோட்டீஸ் அனுப்பும். அதற்கும் பதில் இல்லையென்றால் இயக்குநர் குழு தீர்மானம் போட்டுப் பங்கைப் பறிமுதல் செய்யலாம். அதுவரை கட்டிய பணம் திரும்பி வராது.

அந்தப் பணம் எங்கே போகிறது? எளிய கணக்கில் பார்ப்போம். முகமதிப்பு 10 ரூபாய் உள்ள 100 பங்குகளுக்கு ஒருவர் விண்ணப்பத்தில் 3 ரூபாயும் முதல் அழைப்பில் 3 ரூபாயும் கட்டினார். கடைசி 4 ரூபாயைக் கட்டவில்லை. பறிமுதலின்போது பங்கு முதலிலிருந்து 1,000 ரூபாய் கழிக்கப்படும். அதில் 400 ரூபாய் அழைப்பு நிலுவையைத் தீர்க்கும். அவர் கட்டிய 600 ரூபாய் 'பறிமுதல் பங்குக் கணக்கு' என்ற தனிக் கணக்கில் நிற்கும். பிறகு அதே பங்குகளை 7 ரூபாய் வீதம் வேறொருவருக்குக் கம்பெனி மறுவெளியீடு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறையும் 300 ரூபாயை அந்த 600-லிருந்து ஈடுகட்டும். மீதி 300 ரூபாய் மூலதனக் காப்பில் சேரும். பழைய பங்குதாரருக்கு அதில் ஒரு ரூபாய் கூட இல்லை. இந்தப் பங்குகளை 4 ரூபாய்க்குக் கீழே மறுவெளியீடு செய்யவும் முடியாது. இருவரிடமிருந்தும் சேர்த்துப் பங்கு ஒன்றுக்கு 10 ரூபாயாவது வந்திருக்க வேண்டும்.

சந்தை விலை சரிந்தால் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடும். டாடா ஸ்டீல் 2018-ல் 615 ரூபாய் விலையில் இப்படிப் பங்கு வெளியிட்டு, முதலில் 154 ரூபாய் வாங்கியது. 461 ரூபாய் பாக்கி. 2020 மார்ச்சில் அந்தக் கம்பெனியின் முழுப்பணம் செலுத்திய பங்கே 300 ரூபாய்க்குக் கீழே போனது. அப்போது அழைப்பு வந்திருந்தால் கட்டாமல் விடுவதே லாபம் என்று பலருக்கும் தோன்றியிருக்கும். அழைப்பு வந்தது 2021 தொடக்கத்தில், விலை மீண்ட பிறகு. விட்டுவிடுவதும் அத்தனை சுலபமில்லை. பங்கு பறிபோன பிறகும், அந்தத் தேதியில் இருந்த பாக்கிக்கு அவர் பொறுப்பாளியாக நீடிக்கிறார் என்று மாதிரி விதிகள் சொல்கின்றன.

பகுதிப்பணம் செலுத்திய பங்கைச் சந்தையில் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். RELIANCEPP, AIRTELPP என்று பெயரின் முடிவில் PP இருந்தால், திரையில் தெரிவது பாக்கியைக் கழித்த விலை. மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், அடுத்த அழைப்பு உங்கள் தலையில். அழைப்புக்கான பதிவுத் தேதியில் பங்கு யார் பெயரில் இருக்கிறதோ, அவர்தான் கட்ட வேண்டும்.

உங்களிடம் அப்படியொரு பங்கு இருந்தால் டீமேட் கணக்கில் உள்ள முகவரி, மின்னஞ்சல், கைபேசி எண் மூன்றையும் இன்றே சரிபாருங்கள். கெடு தப்பியிருந்தால் கம்பெனியின் பதிவாளருக்கு உடனே எழுதுங்கள். பறிமுதல் ஆன பிறகும், பங்கு வேறொருவருக்கு விற்கப்படும் வரை அதை ரத்து செய்ய இயக்குநர் குழுவுக்கு அதிகாரம் உண்டு.