இரண்டு கலங்களும் நான்கு லிட்டர் நீரும்

ஐந்து லிட்டர் கொள்ளும் கலம் ஒன்றும் மூன்று லிட்டர் கொள்ளும் கலம் ஒன்றும் நம்மிடம் இருக்கின்றன. எதிலும் அளவுக்கோடுகள் இல்லை. குழாயில் நீர் தாராளமாக வருகிறது. வேண்டாத நீரைக் கீழே கொட்டவும் தடையில்லை. இவ்விரண்டை மட்டும் கொண்டு சரியாக நான்கு லிட்டர் நீரை அளந்தெடுக்க வேண்டும். 1995-ஆம் ஆண்டு வெளிவந்த 'டை ஹார்டு வித் எ வெஞ்சன்ஸ்' என்ற ஹாலிவுட் திரைப்படத்தில், வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யக் கதாநாயகனுக்கு விதிக்கப்பட்ட புதிர் இதுவேதான். அங்கே லிட்டருக்குப் பதிலாக கேலன்.

கண்ணால் பார்த்து 'பாதி இருக்கும்' என்று ஊகிப்பதற்கு இப்புதிரில் இடமில்லை. ஒரு கலத்தை விளிம்புவரை நிரப்பலாம். முற்றிலும் காலி செய்யலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு, ஊற்றும் கலம் தீரும் வரையோ வாங்கும் கலம் நிறையும் வரையோ ஊற்றலாம். இவ்வளவே நமக்குள்ள உரிமை.

முதலில் ஐந்து லிட்டர் கலத்தை நிரப்பி, அதிலிருந்து சிறிய கலம் நிறையும்வரை ஊற்றுவோம். பெரிய கலத்தில் இரண்டு லிட்டர் எஞ்சும். சிறிய கலத்தைக் கொட்டிவிட்டு, அந்த இரண்டு லிட்டரை அதற்கு மாற்றுவோம். இப்போது சிறிய கலத்தில் இன்னும் ஒரு லிட்டருக்கு மட்டுமே இடம் இருக்கிறது. பெரிய கலத்தை மீண்டும் நிரப்பி அந்த இடத்தை நிறைத்தால், பெரிய கலத்தில் சரியாக நான்கு லிட்டர் நிற்கும். ஆறு செயல்களில் வேலை முடிந்தது. சிறிய கலத்தை முதலில் நிரப்பித் தொடங்கினாலும் விடை கிடைக்கும். ஆனால் எட்டுச் செயல்கள் தேவைப்படும்.

இதில் நடந்தது என்ன என்பதை அறிய, ஊற்றல்களையெல்லாம் மறந்துவிட்டு வரவையும் செலவையும் மட்டும் எழுதிப் பார்ப்பது நல்லது. கலத்திலிருந்து கலத்திற்கு ஊற்றுவது ஒரே வீட்டில் இரண்டு கணக்குகளுக்கிடையே பணம் மாற்றுவது போன்றது. மொத்த இருப்பு மாறாது. குழாயிலிருந்து ஐந்து லிட்டர் இரண்டு முறை வந்தது. ஆக வரவு பத்து. சிறிய கலத்திலிருந்து மூன்று லிட்டரை ஒரு முறை கொட்டினோம்; முடிவில் அதே கலத்தில் இன்னொரு மூன்று லிட்டர் வேண்டாததாக நிற்கிறது. அதையும் கழித்தால் செலவு ஆறு. பத்தில் ஆறு போக நான்கு. எட்டுச் செயல் வழியிலோ மூன்று லிட்டர் மூன்று முறை வரவு, ஐந்து லிட்டர் ஒரு முறை செலவு; ஒன்பதில் ஐந்து போக அதே நான்கு.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால், கலங்களைத் தொடாமல் காகிதத்திலேயே புதிரைத் தீர்த்துவிடலாம். கையிருப்பு மூன்றுக்குக் குறைவாக இருந்தால் ஐந்தைக் கூட்டுங்கள். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் மூன்றைக் கழியுங்கள். தொடக்கம் பூச்சியம். பிறகு 5, 2, 7, 4, 1, 6, 3, மீண்டும் 0. ஒன்று முதல் ஏழு வரை எல்லா எண்களும், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை, வரிசையில் வந்துபோவதைக் காணலாம். ஆறும் ஏழும் ஒரே கலத்தில் அடங்காததால் இரண்டிலுமாகச் சேர்ந்து நிற்கும், அவ்வளவே வேறுபாடு.

இனி கலங்களை மாற்றுவோம். ஒன்று ஒன்பது லிட்டர், மற்றொன்று ஆறு லிட்டர். வேண்டியது அதே நான்கு லிட்டர். முன்னைய முறையிலேயே ஆறுக்குக் குறைந்தால் ஒன்பதைக் கூட்டி, இல்லையேல் ஆறைக் கழித்துச் சென்றால் 9, 3, 12, 6, பிறகு 0. நான்கு அகப்படாமலேயே தொடங்கிய இடத்திற்குத் திரும்பிவிட்டோம்.

'வேறு ஏதேனும் தந்திரமான வரிசை இருக்கலாமே, நாம்தான் கண்டுபிடிக்கவில்லையோ?' என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆயிரம் முறை முயன்று தோற்றதை மட்டும் கொண்டு இயலாது என்று முடிவுகட்ட முடியாது என்பது உண்மையே. ஆனால் இங்கே முயற்சியே தேவையில்லை. ஒன்பதும் ஆறும் மூன்றின் மடங்குகள். வெறும் கலத்தை நிரப்பினால் அதில் நிற்பது மூன்றின் மடங்கு. கொட்டினால் பூச்சியம், அதுவும் அவ்வகையே. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஊற்றினால், முழுவதும் போய்ச் சேரும், அல்லது வாங்கும் கலம் நிறைந்து மிச்சம் நிற்கும். அந்த மிச்சம் மொத்தத்திலிருந்து நிறைந்த கலத்தின் அளவைக் கழித்தது. மூன்றின் மடங்கிலிருந்து மூன்றின் மடங்கைக் கழித்தால் மூன்றின் மடங்கைத் தவிர வேறென்ன வரும்? ஆக, எந்தச் செயலாலும் இந்த வட்டத்திற்கு வெளியே போக வழியில்லை. நான்கு மட்டுமன்று, ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு, எட்டு ஆகியவையும் இக்கலங்களுக்கு எட்டாதவையே.

எனவே சோதனை மிக எளிது. இரண்டு கலங்களின் அளவையும் மீதியின்றி வகுக்கும் மிகப்பெரிய எண்ணை, அதாவது பள்ளியில் மீப்பெரு பொது வகுத்தி என்று படித்ததைக் கண்டுபிடிக்க வேண்டும். வேண்டிய அளவை அந்த எண் மீதியின்றி வகுத்தால், அந்த அளவு பெரிய கலத்தில் அடங்குவதாகவும் இருந்தால், புதிருக்கு உறுதியாக விடை உண்டு. வகுக்காவிடில் உறுதியாக இல்லை. ஐந்துக்கும் மூன்றுக்கும் அந்த எண் ஒன்று. அதனால்தான் அங்கே எல்லாம் கிடைத்தது. சமையலறையில் உள்ள 750 மில்லி, 500 மில்லி போத்தல்களுக்கு அது 250; ஆகவே 250 மில்லியை எடுத்துவிடலாம், 400 மில்லியை ஒருபோதும் எடுக்க முடியாது.

இந்தக் கணக்கின் அடித்தளம் நம் நாட்டில் மிகப் பழையது. ஓர் எண்ணின் சில மடங்கிலிருந்து வேறோர் எண்ணின் சில மடங்கைக் கழித்துக் குறிப்பிட்ட விடை பெறுவது எப்படி என்பதற்கு ஆர்யபடர் தம் ஆர்யபடீயத்தில் (499) வழிமுறை தந்துள்ளார். எண்களை மேலும் மேலும் சிறியனவாக இடித்துக்கொண்டே போவதால் அதற்குக் குட்டகம் என்ற பெயர் நிலைத்தது. பின்னர் 1150-இல் லீலாவதியை இயற்றிய இரண்டாம் பாஸ்கரர், இயலாத கணக்கையும் விட்டுவைக்கவில்லை. இரண்டு எண்களையும் வகுக்கும் எண், வேண்டிய தொகையை வகுக்காவிட்டால் அக்கணக்கு 'துஷ்டம்', அதாவது கேட்டதே பிழை என்று அவர் வகுத்துரைத்தார். விடை காணத் தவறியவரைக் குறைசொல்லாமல் கேள்வியைக் குறைசொன்ன அந்தத் தெளிவு நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

குழாய் இல்லாத வடிவமும் உண்டு. எட்டு அளவு திராட்சை மது நிறைந்த கலத்தை, ஐந்தும் மூன்றும் கொள்ளும் வெறுங்கலங்களின் துணையால் சரிபாதியாகப் பங்கிட வேண்டும்; ஒரு துளியும் வீணாகக் கூடாது. 16-ஆம் நூற்றாண்டின் இத்தாலியக் கணித அறிஞர் தார்த்தாலியாவோடு இதைச் சேர்த்துச் சொல்வர். இங்கே பெரிய கலமே குழாயாகவும் கொட்டும் தொட்டியாகவும் பயன்படுகிறது; மற்றபடி நாம் முன்பு கண்ட அதே வழிதான், ஏழு ஊற்றல்களில் முடிந்துவிடும்.

நம் பழைய முகத்தலளவைகளை இந்தச் சோதனைக்கு உட்படுத்திப் பார்ப்பதும் சுவையானது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஒவ்வொன்றும் முந்தையதன் இருமடங்கு. ஆதலால் உழக்கையும் படியையும் கையில் வைத்துக்கொண்டு எத்தனை முறை மாற்றி மாற்றி ஊற்றினாலும் ஓர் ஆழாக்கு எண்ணெயைப் பிரித்தெடுக்க இயலாது. படி என்ற பெரிய கலம் உழக்கால் அளக்க முடியாத எதையும் புதிதாகத் தருவதில்லை. கடைக்காரர் ஆழாக்கைத் தனியே வாங்கி வைத்திருந்தாக வேண்டும். இல்லையேல், நேரான உருளை வடிவ உழக்கைச் சாய்த்து, எண்ணெய் ஒருபுறம் மேல்விளிம்பையும் மறுபுறம் அடிவிளிம்பையும் தொடுமாறு நிறுத்த வேண்டும். அப்போது அதில் நிற்பது துல்லியமாகப் பாதி. புதிரின் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. கடையில் அனுமதி உண்டு.