ஓரையன் கரத்தில் நம் சூரியன்

ஆடி மாதத்து அமாவாசை இரவில், தெருவிளக்கின் வெளிச்சம் எட்டாத ஒரு மொட்டைமாடியில் நின்று தெற்கே பார்த்தால் விருச்சிகம் கண்ணில் படும். செக்கச் சிவந்த கேட்டை அதன் நெஞ்சில் இருக்கிறது. அங்கிருந்து கொக்கிபோல் வளைந்து இறங்கும் வாலில் மூலம் இருக்கிறது. அந்த வாலுக்குச் சற்று இடப்பக்கம், வானை நெடுக்காகக் கடந்துபோகும் வெண்ணிறப் பட்டை மற்ற இடங்களைவிடத் தடித்துத் தெரியும். பால்வீதியின் மையம் அந்தத் திசையில்தான் இருக்கிறது.

ஆனால் மையம் கண்ணுக்குத் தெரியாது. அந்த வெண்பட்டையின் நடுவே மை கொட்டியதுபோல் கருந்திட்டுகள் இருப்பதைக் கவனித்துப் பார்த்தால் காணலாம். அங்கே நட்சத்திரங்கள் இல்லாமல் இல்லை. நமக்கும் அவற்றுக்கும் நடுவே மிதக்கும் நுண்தூசி ஒளியை மறைக்கிறது. பால்வீதியின் வடிவத்தை அறிய மனிதர்கள் பட்ட பாடு முழுவதும் இந்தத் தூசியோடு நடத்திய போராட்டம்தான்.

1785-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் ஓர் எளிய வழியைக் கையாண்டார். தொலைநோக்கியை வானின் ஒவ்வொரு பகுதிக்கும் திருப்பி, அதில் தெரிந்த நட்சத்திரங்களை எண்ணினார். அதிகம் தெரிந்தால் அந்தப் பக்கம் எல்லை தூரத்தில் இருக்கிறது, குறைவாகத் தெரிந்தால் பக்கத்தில் இருக்கிறது என்பது அவர் கணக்கு. வெண்பட்டை நெடுகிலும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒரேபோல் இருந்ததால், சூரியனை நடுவுக்கு அருகில் வைத்து வரைந்தார். பனிமூட்டத்தில் வயலின் நடுவே நிற்பவருக்கு எல்லாத் திசையிலும் ஒரே தூரம்தான் தெரியும். தான் நிற்கும் இடமே வயலின் நடு என்று அவர் நினைத்துக்கொள்வார். ஹெர்ஷலுக்கு நேர்ந்ததும் அதுதான்.

அந்த மயக்கத்தை முதலில் உடைத்தவர் அமெரிக்க வானியலாளர் ஹார்லோ ஷாப்லி. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் பந்துபோல் திரண்டிருக்கும் கோளக் கொத்துகளை அவர் ஆராய்ந்தார். இவை வெண்பட்டைக்கு மேலும் கீழும் விலகி நிற்பதால் தூசி இவற்றை அவ்வளவாக மறைப்பதில்லை. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தனுசு ராசியின் பக்கமாகவே குவிந்திருந்தது. பால்வீதியின் மையத்தைச் சுற்றித்தானே அவை பரவியிருக்க வேண்டும்? அப்படியானால் மையம் தனுசுப் பக்கம் இருக்கிறது, சூரியன் எங்கோ ஒதுங்கி இருக்கிறது என்று 1918-இல் அவர் முடிவுக்கு வந்தார். திசை சரி. தூரம்தான் உண்மையைவிட இருமடங்குக்கும் மேலாகப் போய்விட்டது. தூசி மங்கலாக்கிய ஒளியைத் தூரத்தால் மங்கியது என்று எடுத்துக்கொண்டது அதற்கு ஒரு காரணம். நட்சத்திரங்களுக்கு நடுவே தூசி பரவியிருப்பதை ராபர்ட் டிரம்ப்ளர் 1930-இல்தான் ஐயமற நிறுவினார்.

இன்று நமக்குத் தெரியும் வடிவத்தை ஓர் ஆப்பத்தை வைத்து எளிதாகச் சொல்லலாம். நடுவில் உப்பல், சுற்றிலும் மெல்லிய விளிம்பு. குறுக்களவு ஏறத்தாழ 1,00,000 ஒளியாண்டுகள். நட்சத்திரங்கள் நெருக்கமாக இருக்கும் தட்டின் தடிமன் ஏறத்தாழ 1,000 ஒளியாண்டுகள்தான். நடு உப்பல் உருண்டையாக இல்லாமல் ஒரு தண்டுபோல் நீண்டிருக்கிறது. சூரியன் மையத்திலிருந்து 26,000 ஒளியாண்டுகளுக்கும் சற்று அதிகமான தூரத்தில், அதாவது மையத்துக்கும் ஓரத்துக்கும் ஏறக்குறைய நடுவழியில் இருக்கிறது. தட்டின் நடுத்தளத்துக்கு மிக அருகே இருப்பதால்தான் வெண்பட்டை வானைக் கிட்டத்தட்ட இரு சம பாதிகளாகப் பிரிக்கிறது. நாம் மேலேயோ கீழேயோ வெகுவாக விலகியிருந்தால் பட்டை ஒரு பக்கமாகச் சரிந்து தெரிந்திருக்கும்.

இந்தத் தட்டில்தான் சுருள் கரங்கள் இருக்கின்றன. கரம் என்றதும், நட்சத்திரங்களைக் கோத்துக்கட்டிய கயிறு ஒன்று சுழல்வதாகத் தோன்றும். அப்படி இருக்க முடியாது. உள்ளே இருப்பவை சீக்கிரமும் வெளியே இருப்பவை தாமதமாகவும் சுற்றி முடிப்பதால், அந்தக் கயிறு சில சுற்றுகளிலேயே இறுகச் சுருண்டு உருத்தெரியாமல் போயிருக்கும். 1964-இல் சி. சி. லின், ஃபிராங்க் ஷூ இருவரும் முன்வைத்த விளக்கம் வேறு. ஊர்கோலம் ஒன்று மெல்ல நகரும் சாலையை நினைத்துக்கொள்ளலாம். அதன் பின்னால் வண்டிகள் நெருங்குகின்றன, ஒவ்வொன்றாக முந்திப் போகின்றன, புதியவை வந்து சேர்கின்றன. வண்டிகள் மாறினாலும் நெரிசல் அப்படியே இருக்கிறது. கரமும் அத்தகைய நெரிசல்தான். அங்கே வாயு அமுங்கிப் புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன. அவற்றுள் பெரியவை நீலமாகச் சுடர்ந்து, சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே, பிறந்த கரத்தை விட்டு வெளியேறும் முன்பே மாண்டுவிடுகின்றன. கரங்கள் பளிச்சென்று தெரிவது இவற்றால்தான்.

கரங்களை வரைபடமாக்குவதற்கு 1951 முக்கியமான ஆண்டு. சூரியனைச் சுற்றியுள்ள நீல நட்சத்திரங்களின் தூரங்களைக் குறித்து, அவை வரிசை வரிசையாக அமைந்திருப்பதை வில்லியம் மார்கன் அந்த ஆண்டு காட்டினார். ஹைட்ரஜன் வாயு வெளியிடும் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையும் அதே ஆண்டில் பிடிபட்டது. இந்த அலையைத் தூசி தடுப்பதில்லை. வாயு எவ்வளவு வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது அல்லது விலகுகிறது என்பதை அது காட்டிவிடும். எல்லாமே மையத்தை ஒழுங்கான வட்டத்தில் சுற்றுவதாக வைத்துக்கொண்டால், அந்த வேகத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடலாம். பல பத்தாண்டுகள் பால்வீதியின் படம் இப்படித்தான் வரையப்பட்டது.

அந்தக் கணக்கு எங்கே சறுக்கியது என்பதற்கு பெர்சியஸ் கரம் நல்ல சான்று. அங்கே W3OH என்றொரு இடம், பெரிய நட்சத்திரங்கள் பிறக்கும் தொட்டில். வேகத்தை வைத்துப் பார்த்தால் தூரம் சுமார் 14,000 ஒளியாண்டுகள். நட்சத்திரங்களின் பிரகாசத்தை வைத்துப் பார்த்தால் அதில் பாதி. எது சரி?

தீர்ப்பதற்கு ஒரு வழி உண்டு. கையை நீட்டிக் கட்டைவிரலை ஒரு கண்ணாலும் பிறகு மறு கண்ணாலும் பார்த்தால், பின்னால் உள்ள சுவரில் விரல் இடம்மாறித் தெரியும். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஆறு மாத இடைவெளியில் நமக்கும் அப்படி இரண்டு கண்கள் கிடைக்கின்றன. W3OH-இன் வாயுவில் மெத்தனால் மூலக்கூறுகள் ரேடியோ அலையைக் கூராக உமிழும் புள்ளிகள் இருக்கின்றன. ஹவாயிலிருந்து கரீபியன் தீவு வரை பரவிய பத்து ரேடியோ தட்டுகளை ஒரே கருவிபோல் இணைத்து, ஏறக்குறைய ஓராண்டுக் காலம் அந்தப் புள்ளிகளைப் பின்தொடர்ந்தார்கள். கிடைத்த கோணம் 10,000 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம் அளவுதான். அதிலிருந்து தூரம் சுமார் 6,400 ஒளியாண்டுகள் என்று 2006-இல் அறிவித்தார்கள். வேகக் கணக்கு இருமடங்குக்கும் மேல் தவறியிருந்தது. அந்தப் பகுதி ஒழுங்கான வட்டத்தில் சுற்றாமல், நொடிக்கு 20 கிலோமீட்டருக்கும் அதிகமாக விலகி நகர்வதே காரணம்.

அதே முறையில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களை அளந்தபின், சூரியனின் அக்கம்பக்கம் தெளிவாயிற்று. மையத்தின் பக்கம் தனுசுக் கரம், வெளிப்பக்கம் பெர்சியஸ் கரம், இரண்டுக்கும் நடுவே நாம் இருக்கும் ஓரையன் கரம். திருவாதிரை நட்சத்திரமும், ஓரையனின் வாளில் மங்கலாகத் தெரியும் வாயுமேகமும் இதே கரத்தைச் சேர்ந்தவை. மார்கழி இரவில் அவற்றைப் பார்க்கும்போது நாம் மையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளிப்பக்கம் பார்க்கிறோம். அதனால்தான் அப்போது வெண்பட்டை ஆடியில் தெரிவதைவிட மெலிந்திருக்கிறது. ஓரையன் கரத்தை வெறும் கிளை என்றே முன்பு எழுதிவந்தார்கள். அது 20,000 ஒளியாண்டுகளுக்கும் மேல் நீண்டிருப்பதாக இந்த அளவீடுகள் காட்டின.

மையத்துக்கு அப்பால் உள்ள மறுபாதிதான் இன்னும் காலியாகக் கிடக்கிறது. 2017-இல் அங்கே ஒரே ஒரு புள்ளியின் தூரத்தை இதே முறையில் அளந்தார்கள்: 66,000 ஒளியாண்டுகள். பூமியின் வடபாதியில் இருக்கும் கருவிகளுக்குத் தென்வானத்தின் ஆழம் எட்டாததால், எஞ்சியதை அளக்கும் வேலை இப்போது தென்பாதித் தொலைநோக்கிகளிடம் வந்திருக்கிறது.