நூறு ரூபாய் லாபத்துக்குக் கீழே இருக்கும் பார்சலை எதில் அனுப்புவது?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வாட்ஸ்அப்பில் துண்டு, மஞ்சள் தூள், கம்மல் என்று விற்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது: ஸ்பீட் போஸ்டா, தனியார் கூரியரா? பெரும்பாலும் ரேட் சீட்டை வைத்துத்தான் முடிவு பண்றாங்க. என் கணிப்பில், முடிவு செய்யவேண்டிய இடம் ரேட் சீட்டு இல்லை, வாங்குபவரின் முகவரி.

முதலில் ரேட் பற்றி ஒரு எச்சரிக்கை. 2025 அக்டோபர் 1 முதல் வந்த புதிய ஸ்பீட் போஸ்ட் கட்டணம் என்று சுற்றும் பட்டியல் (51 முதல் 250 கிராம் வரை, 200 கி.மீ.க்குள் 59 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி) ஆவணங்களுக்கானது. துண்டு ஆவணம் இல்லை. சரக்குக்கு பார்சல் கட்டணம் தனியாக உண்டு. உங்க பொருளைக் கட்டி, கவுன்டரில் எடை போட்டுக் கேட்ட தொகையை மட்டும் கணக்கில் எடுங்க.

இனி முகவரிக்கு வருவோம். இந்தியா போஸ்ட் தளத்தில் பின்கோடைத் தேடினால், ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் H.O, S.O, B.O என்று ஏதாவது ஒன்று வரும். தலைமை அஞ்சலகம், துணை அஞ்சலகம், கிளை அஞ்சலகம். B.O என்றால் கிராமம். கிராமிய அஞ்சல் ஊழியர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். துணை அஞ்சலகத்திலிருந்து பை போய்ச் சேரணும் என்பதால் டவுனை விட ஒரு நாள் கூட ஆகலாம், ஆனால் போகும். கூரியர்காரருக்கு அதே ஊர் பல நேரம் டெலிவரி எல்லைக்கு வெளியே. பக்கத்து டவுன் ஆபீஸில் பார்சலை வைத்துக்கொண்டு, "வந்து வாங்கிக்கோங்க" என்று போன் பண்ணுவார்கள். 220 ரூபாய்த் துண்டுக்காக யார் பஸ் ஏறிப் போவார்? சில நாளில் பார்சல் திரும்பி வந்துடும்.

கணக்காகப் பார்ப்போம். சென்னிமலையில் ஒருவர் துண்டு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு லாபம் 75 ரூபாய். கூரியர் 50, ஸ்பீட் போஸ்ட் 65 கேட்கிறது (இவை உதாரணத்துக்கான எண்கள்). ஒரு பார்சல் திரும்பினால் போக 50, வர 50, போன லாபம் 75, ஆக 175 ரூபாய் நஷ்டம்.

மாதம் 100 பார்சலில் 40 கிராமத்துக்குப் போகிறது. அந்த 40-ஐயும் தபாலில் அனுப்பினால் கூடுதல் செலவு 40 × 15 = 600 ரூபாய். 600-ஐ 175-ஆல் வகுத்தால் மூன்றரைக்குக் கொஞ்சம் கீழே. அதாவது தபாலில் திரும்புவதை விட கூரியரில் நாலு பார்சல் கூடுதலாகத் திரும்பினாலே தபால்தான் மலிவு. மீதி 60 டவுன் பார்சலுக்குக் கூடுதல் செலவு 900 ரூபாய். அங்கே ஒன்றிரண்டுதான் திரும்பும் என்றால் கூரியரே போதும். இப்படி ஒரே கடைக்கு இரண்டு பதில் வருது.

உங்க எண் தெரியணும்னா, கடைசி 50 பார்சலை நோட்டில் எழுதுங்க: பின்கோடு, B.O-வா இல்லையா, எதில் போச்சு, திரும்பியதா. டிராக்கிங்கில் "வீடு பூட்டியிருந்தது" என்று காட்டி, வாங்கியவருக்கு ஒரு அழைப்பும் வரவில்லை என்றால், ஆள் அந்த ஊருக்கே போகலைன்னு சந்தேகப்படலாம். தபாலில் தவறுவது வேறு இடத்தில். ஒரே பின்கோடில் பல கிளை அஞ்சலகங்கள் இருக்கும். முகவரியில் கிளை அஞ்சலகப் பெயர் இல்லையென்றால் பார்சல் பக்கத்து ஊருக்குப் போய்ச் சுற்றும்.

தொலைந்து போனால்? இதில் இரண்டு பக்கமும் பெரிய ஆறுதல் இல்லை. ஸ்பீட் போஸ்டுக்குத் தபால் துறை அறிவித்திருக்கும் இழப்பீடு, கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1000 ரூபாய், இதில் எது குறைவோ அது. 65 ரூபாய்க்கு 130 கிடைக்கும், துண்டின் விலை வராது. கூரியரில் ரசீதில் அச்சடித்த வரம்புதான். 1996-இல் பாரதி நிட்டிங் கம்பெனி, டி.எச்.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் உறுதி செய்தது. ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேராததால் பின்னலாடை நிறுவனத்துக்கு லட்சக்கணக்கில் நஷ்டம். கையெழுத்திட்ட ரசீதில் 100 டாலர் என்று இருந்ததால் அதற்கு மேல் கிடைக்கவில்லை. அதனால் ரசீதின் பின்பக்கத்தை ஒருமுறை படிச்சிடுங்க.

கடைசியாக, எடை. பார்சலில் 500 கிராம் ஒரு படி. இரண்டு துண்டு 480 கிராம் இருந்தால், அட்டைப் பெட்டியில் போட்டால் படி தாண்டிடும், பிளாஸ்டிக் கவரில் தாண்டாது. கவருக்கு மாறுவதால் மிச்சமாகும் தொகை, கூரியருக்கும் தபாலுக்கும் உள்ள வித்தியாசத்தை விடப் பெரிதாக இருக்கக்கூடும். எடை போட்டுப் பாத்துட்டு அப்புறம் கவுன்டருக்குப் போங்க.